இடும்பன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வது எப்படி: பொருள் கெடாமல், பயமுறுத்தாமல்

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் மொரீஷியஸ் கோவில்களின் தமிழ் வகுப்புகளில் இடும்பன் கதை கட்டாயம் வரும். காவடி ஏன் எடுக்கிறோம் என்று பிள்ளை கேட்டால் அந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். சொல்வதுதான் கடினம். கதையின் நடுவில் ஒருவன் சாகிறான், கொல்பவர் முருகன். புதிதாகச் சொல்பவர்களில் ஒரு பாதிப்பேர் அந்த இடத்தை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் அதையே திருவிழா வெடி மாதிரி வெடிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை ஐந்து முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கானது. வரிசையை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எழுதிவைத்ததைக் கேட்கும்.

1. முதலில் கதையைப் பத்து வாக்கியத்தில் எழுதுங்கள்

வாயால் சொல்லத் தொடங்கும் முன் ஒரு தாளில், அலங்காரம் இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். பரவலாகச் சொல்லப்படும் வடிவம் இது:

அகத்தியருக்குக் கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகள் கிடைத்தன. அவற்றைத் தெற்கே கொண்டுவரும்படி இடும்பனிடம் சொன்னார். இடும்பன் அசுர குலத்தவன், சூரபத்மனின் போரில் தப்பியவன், பிறகு மனம் மாறி அகத்தியரின் சீடனானவன். பிரம்ம தண்டத்தைக் காவடித் தண்டாக்கி, பாம்புகளைக் கயிறாகக் கட்டி, இரு மலைகளையும் தோளில் தூக்கினான். பழனி அருகே களைத்துப்போய் இறக்கிவைத்தான். மறுபடி தூக்கினான், மலை அசையவில்லை. மேலே கோவணம் கட்டிய ஒரு சிறுவன் கையில் தண்டோடு நின்றான், இது என் இடம் என்றான். சண்டை வந்தது, இடும்பன் இறந்தான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்ட, முருகன் அவனை எழுப்பினார். தன்னைப்போலத் தோளில் காவடி தூக்கி வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று இடும்பன் கேட்டான், கிடைத்தது, அவன் முருகனின் காவலனுமானான்.

உங்கள் கோவில் பெரியவர்கள் சொல்லும் வடிவம் சில இடங்களில் மாறும். அவர்களிடம் கேட்டு உங்கள் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி ஒன்று சொல்லி, வகுப்பில் நீங்கள் வேறொன்று சொன்னால், ஏழு வயதுக்காரர் உங்கள் இருவரில் யார் பொய் சொல்கிறார் என்றுதான் யோசிப்பார்.

இந்தத் தாளில் மாம்பழக் கதையைச் சேர்க்காதீர்கள். முருகன் ஏன் கோவணத்தோடு மலையில் நின்றார் என்பதற்கு அது விளக்கம்தான், ஆனால் தனியாக ஒரு கதை. இரண்டையும் ஒட்டினால் பிள்ளைகளுக்கு அண்ணன் தம்பி போட்டி நினைவில் நிற்கும், இடும்பன் ஓரமாகிவிடுவான். தெரிந்த பிள்ளை தானே குறுக்கிட்டுச் சொல்லும். அப்போது “ஆமாம், அதே முருகன்தான்” என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

2. எடுத்தால் கதை விழுந்துவிடும் வாக்கியங்களைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துவிட்டு மீதியை வாசியுங்கள். கதை இன்னும் நிற்கிறதா?

சூரபத்மனை மறைத்தால் ஒன்றும் ஆகாது. பிரம்ம தண்டம் என்ற பெயரை மறைத்தாலும் “ஒரு பெரிய தண்டு” போதும். ஆனால் “இடும்பன் இறந்தான்” என்பதை மறைத்துப் பாருங்கள். இடும்பி எதற்கு அழுகிறாள்? முருகன் எதைத் திருப்பிக் கொடுக்கிறார்? எழுந்தவன் தனக்கென்று ஒன்றும் கேட்காமல் நமக்காகக் கேட்டது ஏன் பெரிதாகத் தெரிய வேண்டும்? மூன்றும் போய்விடும். அதனால் அந்த வாக்கியம் இருந்தே ஆக வேண்டும்.

இதே சோதனையில் நிற்கும் இன்னொன்று, இடும்பன் நல்லவன் என்பது. அசுரன் என்ற சொல்லைக் கேட்டதும் சொல்பவர்கள் அவனுக்குக் கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் வைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் பிள்ளையின் மாமா காவடி தூக்குவார். கெட்டவன் செய்ததை மாமா ஏன் செய்கிறார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. இடும்பன் குரு சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தவன். அவன் செய்த தவறு ஒன்றே ஒன்று: மலை அசையாதபோது ஏன் என்று கேட்காமல் கோபப்பட்டான்.

ஆகக் கட்டாயமாக நிற்பவை ஐந்து: குருவுக்காகச் சுமந்தான், மலை அசையவில்லை, கோபத்தில் மோதி இறந்தான், இடும்பி கேட்டதும் எழுந்தான், எல்லாருக்குமாக வரம் கேட்டான். இவற்றைத் தாளில் அடிக்கோடிடுங்கள். மற்றதெல்லாம் நேரமும் வயதும் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

3. பயம் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள்

பயமுறுத்துவது சம்பவம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது சம்பவத்தைச் சுற்றி நாம் போடும் வர்ணனையிலும், குரலிலும், எந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்துகிறோம் என்பதிலும் இருக்கிறது.

ஐந்து ஆறு வயதில் பிள்ளைகள் தோற்றத்துக்குப் பயப்படுவார்கள். பெரிய உருவம், பல், கத்தல், திடீர் சத்தம். சாவு என்பது திரும்பாதது என்று அந்த வயதில் பலருக்கு இன்னும் உறைத்திருக்காது, அதனால் “இறந்துவிட்டான்” என்பதை நாம் எதிர்பார்ப்பதைவிட எளிதாகக் கடந்துபோவார்கள். எட்டு ஒன்பது வயதில் தலைகீழ். கோரைப்பல்லுக்குச் சிரிப்பார்கள். ஆனால் “சும்மா கோபப்பட்டதுக்கே சாமி கொன்னுடுவாரா, நான் நேத்து கோபப்பட்டேனே” என்று ஒருவர் யோசிக்கத் தொடங்குவார், வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆக, சிறியவர்களுக்கு உருவத்தைக் குறையுங்கள். பெரியவர்களுக்குக் காரணத்தைத் தெளிவாக்குங்கள்.

கயிறாக வந்த பாம்புகளைப் பலர் பயந்து வெட்டிவிடுகிறார்கள். தேவையில்லை. “பாம்புகள் நாங்க கயிறா வர்றோம்னு சொல்லுச்சு” என்றால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

4. சம்பவத்தைக் குறைக்காதீர்கள், வர்ணனையைக் குறையுங்கள்

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். சண்டைக்கு மூன்று விதிகள் போதும்.

முதலாவது, அடி, காயம், இரத்தம் என்று எதுவும் உடலில் படுவதாகச் சொல்லாதீர்கள். செயலைச் சொல்லுங்கள், விளைவைச் சொல்லுங்கள், நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, இறந்தான் என்றால் இறந்தான் என்றே சொல்லுங்கள், பிள்ளை வீட்டில் பேசும் மொழியில். “தூங்கிட்டான்” என்று சொன்னால் அன்று இரவு படுக்கப் போகும்போது அந்தச் சொல் திரும்பி வரும். “மயங்கிட்டான்” என்றால் முருகன் செய்தது தண்ணீர் தெளித்த வேலையாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவதுதான் புதியவர்கள் அதிகம் தவறுவது. விழுந்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் நிறுத்தாதீர்கள். கேள்வி கேட்காதீர்கள், பக்கம் புரட்டாதீர்கள், “மீதி அடுத்த வாரம்” என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் கதையை அன்று தொடங்கவே வேண்டாம். விழுந்த இடத்திலிருந்து எழுந்த இடம் வரை பத்துச் சின்ன வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுப்பகுதி இப்படி வரலாம்:

“இடும்பன் மறுபடியும் தண்டுக்குக் கீழே தோளைக் குடுத்தான். ம்ம்ம்… அசையல. இன்னொரு தடவை. ம்ம்ம்ம்… அசையவே இல்ல! மேலே பார்த்தான். ஒரு சின்னப் பையன், கையில ஒரு கம்பு, சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். ‘தம்பி, இறங்குப்பா, இது எங்க குரு கேட்ட மலை.’ ‘இது என் இடம். நான் இங்கதான் இருப்பேன்.’ இடும்பனுக்கு அந்தப் பையன் யாருன்னு தெரியல. கேக்கவும் இல்ல. கோபம் வந்துடுச்சு. அவ்வளவு பெரிய இடும்பன் அந்தப் பையன் மேல பாஞ்சான். பாஞ்சவன் கீழே விழுந்தான். இறந்துட்டான். இடும்பி ஓடி வந்தா. அந்தப் பையனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. ‘முருகா, அவர் கெட்டவர் இல்ல, குரு சொன்னதைத்தான் செஞ்சார். திருப்பிக் குடு.’ அகத்தியரும் வந்து கேட்டார். முருகன் சிரிச்சார். ‘இடும்பா, எழுந்திரு.’ எழுந்துட்டான்!”

கவனியுங்கள். முருகன் அடித்தார் என்று இங்கே வரவில்லை, ஆனால் அவர் அடிக்கவில்லை என்றும் பொய் சொல்லவில்லை. ஒரு பிள்ளை “முருகன்தான் கொன்னாரா?” என்று கேட்டால் “ஆமாம், எழுப்பினதும் அவர்தான்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பத்து வயதுக்காரர்களுக்குச் சொல்லும்போது அதை மறைக்கத் தேவையில்லை, “முருகனோடு போரிட்டு இறந்தான்” என்றே சொல்லலாம்.

“யாருன்னு தெரியல, கேக்கவும் இல்ல” என்ற இரண்டு துண்டுகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எட்டு வயதுக்காரரின் பயத்துக்கு மருந்து அதில் இருக்கிறது. கோபப்பட்டதற்காக இடும்பன் சாகவில்லை. எதிரே நிற்பது யார் என்று கேட்காமலே மேலே பாய்ந்தான்.

5. கையில் என்ன வேண்டும்

ஒரு மூங்கில் கம்பு, ஒரே எடையுள்ள இரண்டு துணிப்பைகள். பைக்கு அரைக் கிலோ அரிசி போதும். படம், பொம்மை, முகமூடி எதுவும் வேண்டாம். முகமூடி கண்டிப்பாக வேண்டாம், சிறியவர்கள் அழுவது பெரும்பாலும் அதனால்தான்.

மலையைத் தூக்கும் இடத்துக்கு வந்ததும் கம்பை ஒரு பிள்ளையின் தோளில் வையுங்கள். பைகள் ஆடும், நடை தடுமாறும். இப்போது ஒரு பையை மட்டும் எடுத்துவிடுங்கள், கம்பு சரியும். இரண்டு பக்கமும் பாரம் இருந்தால்தான் சுமக்க முடியும் என்பது விளக்கமில்லாமல் தோளுக்குப் புரியும். அதற்குப் பிறகு “இப்போ பைக்குப் பதிலா இந்தப் பக்கம் பீட்டர் போத், அந்தப் பக்கம் லெ பூஸ்” என்று சொல்லுங்கள். போர்ட் லூயியில் வளரும் பிள்ளை தினமும் பார்க்கும் மலைகள் அவை. சிவகிரியும் சக்திகிரியும் எவ்வளவு பெரியவை என்று தனியாக வர்ணிக்க வேண்டியிருக்காது. ஆனால் கதையையே மொரீஷியஸின் மோக்காவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது பழனியில் நடந்தது. பழனி மலை ஏறும் வழியில் இடும்பனுக்குச் சன்னிதி இருக்கிறது, எதிரே இடும்பன் மலையும் இருக்கிறது. பத்து வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

6. எந்த மொழியில்

பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். முழுக்கதையையும் தமிழில் சொன்னால் சண்டைக் குரல் மட்டும் காதில் விழும், காரணம் விழாது. காரணம் புரியாத சத்தம்தான் பயமாக மாறுகிறது.

மேலே தமிழில் எழுதிய நடுப்பகுதி உட்படக் கதையோட்டத்தைக் கிரியோலில் வைத்துக்கொண்டு, மலை, காவடி, தோள், குரு, எழுந்திரு, வரம் என்ற ஆறு சொற்களைத் தமிழிலேயே நிறுத்துங்கள். கம்பைத் தூக்கும்போது “தோள்” என்று தோளைத் தொட்டுக் காட்டுங்கள், “காவடி” என்று கம்பைக் காட்டுங்கள். “எழுந்திரு” வரும்போது எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நடுவே உறைந்திருந்த உடல் அங்கே தளரும், பயமும் அதோடு போகும். இந்த ஆறுக்கு மேல் வைத்தால் பாடம் ஆகிவிடும்.

மொத்த நேரம் சிறியவர்களுக்கு எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, பெரியவர்களுக்குப் பதினைந்து வரை போகலாம். சண்டையில் குரலை உயர்த்தாதீர்கள், வேகத்தை மட்டும் கூட்டுங்கள். உயர்த்த வேண்டிய ஒரே இடம் “எழுந்துட்டான்”.

7. கதை முடிந்ததும் வரும் கேள்விகள்

மூன்று கேள்விகள் கிட்டத்தட்ட எப்போதும் வரும். பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அலகு பற்றிய கேள்வி முதலில் வரும். காவடி நாளில் நாக்கிலும் முதுகிலும் ஊசி குத்தியவர்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். “இடும்பனுக்கும் குத்தினாங்களா?” இல்லை, கதையில் ஊசி கிடையாது, சுமந்ததுதான் உண்டு என்று நேராகச் சொல்லுங்கள். அலகு பெரியவர்கள் விரதம் இருந்து, தாங்களே விரும்பி எடுக்கும் நேர்த்திக்கடன். யாரும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தமாட்டார்கள் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பலருக்குள் இருக்கும் பயம் அதுதான், கதை அதைக் கிளப்பிவிடும்.

அடுத்தது, “நான் கோபப்பட்டா முருகன் என்னையும்…?” இதற்கு “இல்லை” என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள். விளக்கத்தை முதலில் வைத்தால் பிள்ளை அதைக் கேட்காது. பிள்ளைகளை அடக்க இந்தக் கதையைப் பயன்படுத்தும் பெரியவர்கள் உண்டு: “சொன்ன பேச்சுக் கேக்கலைன்னா முருகன் பார்த்துப்பார்.” உங்கள் வகுப்பில் அதை நிறுத்துங்கள். ஒருமுறை மிரட்டலானால் கதையில் வரமும் காவலும் பிள்ளையின் காதில் ஏறாது.

மூன்றாவது கேள்விக்குத்தான் முன்னெச்சரிக்கை வேண்டும்: “அப்போ எங்க தாத்தாவையும் முருகன் எழுப்புவாரா?” சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று கதைக்கு முன்பே விசாரியுங்கள். இருந்தால் பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், அல்லது அந்த வாரம் வேறு கதை எடுங்கள். எழுப்பப்பட்ட இடும்பன் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கமாட்டான். நம் தாத்தாவுக்காக யாரும் சரியாகக் கேட்கவில்லை போல என்ற எண்ணம் வரும். எதிர்பாராமல் கேள்வி வந்துவிட்டால், “இது கதையில நடந்தது. நம்ம வீட்டுல இறந்தவங்க திரும்பி வரமாட்டாங்க. யாரும் கேக்காததால இல்ல” என்று தணிந்த குரலில், முழுதாகச் சொல்லுங்கள். முருகனிடம் இருக்கிறார் என்று வீட்டில் சொல்லும் வழக்கம் இருந்தால் அதைப் பெற்றோர் சொல்லட்டும்.

8. பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

“கதை சொல்லும் நீதி என்ன?” என்று கேட்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த பதிலைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்வார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. கம்பையும் பைகளையும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, வராத இன்னொரு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொல்லுங்கள். கையில் தாளை வைத்து, அடிக்கோடிட்ட ஐந்தில் எது வருகிறது என்று பாருங்கள்.

சண்டை நீண்டு மற்றது சுருங்கினால் உங்கள் குரல் அங்கே அதிகமாக இருந்திருக்கிறது. அடுத்த முறை குரலைக் குறையுங்கள். இடும்பி வரவே இல்லை என்றால் நீங்கள் அவளுக்கு ஒரு வாக்கியம்தான் கொடுத்திருப்பீர்கள். அவள் பேசினால்தான் பிள்ளைகளுக்கு நிற்பாள். வரம் விட்டுப்போவது மிகச் சாதாரணம், ஏனென்றால் “எழுந்துட்டான்” என்றதும் கதை முடிந்ததாகப் பிள்ளைகள் நினைத்துக் கலைகிறார்கள். அதைச் சரிசெய்ய, எழுந்து நிற்கும் பிள்ளைகளை உடனே உட்காரச் சொல்லாமல், நின்றபடியே கம்பை ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்கு மாற்றிக்கொண்டே வரத்தைச் சொல்லுங்கள்: “இடும்பன் தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. என்னை மாதிரி தோள்ல தூக்கிட்டு வர்ற எல்லாருக்கும் குடு முருகான்னு கேட்டான்.”

பயம் தங்கிவிட்டதா என்பது வகுப்பில் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பெற்றோரிடம் கேளுங்கள்: தனியாகப் படுக்க மறுக்கிறதா, கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறதா, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறதா. விளையாடுவது பெரும்பாலும் நல்லதுதான், பிள்ளை விழுந்து பிறகு எழுந்தால். விழுவது மட்டுமே நடந்துகொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கதையை இன்னொரு முறை, பகல் வெளிச்சத்தில், தனியாக, “எழுந்திரு” என்பதைப் பிள்ளையே சொல்லும்படி விட்டுச் சொல்லுங்கள்.